எட்டு வரிசையில் ரோந்து

கட்டம் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள எங்கள் ஸ்டேஷனில் ஆள் கிடையாது. நான் அப்போது தாம்பரம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் ரைட்டராக இருந்தேன். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். புகார் மனு, நாட்குறிப்பு, ஆஜர் பட்டியல், பழைய குற்றவாளிகள் பட்டியல் என்று ஸ்டேஷனில் எழுத வேண்டிய அத்தனையும் ரைட்டர் தலையில்தான் விழும். ஸ்கேல் வைத்து நீளமாகக் கோடு இழுத்து, தலைப்பு எழுதி, அடியில் இரட்டைக் கோடு போட்டேன் என்றால் அச்சகத்தில் அடித்த மாதிரி இருக்கும். இதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

அந்தத் திமிரில்தான் படிப்புக்காகப் போட்ட முதல் அட்டவணையில் கோட்டை விட்டேன்.

தபால் வழியில் குற்றவியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எதற்கு என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சம்பளம் ஏறாது, பதவி வராது. 'கான்ஸ்டபிளுக்கு எதுக்கும்மா எம்.ஏ.?' என்று எங்கள் இன்ஸ்பெக்டர் ஒருநாள் எல்லோர் முன்னாலும் கேட்டார். அவர் கேட்டதற்காகவே முடித்தாக வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது. மற்ற பேப்பர் எல்லாம் தட்டுத்தடுமாறிப் பாஸ். 'குற்றக் கோட்பாடுகள்' பேப்பரில் மட்டும் இரண்டு முறை ஊத்திக்கொண்டது. என் பதிவுக் காலம் அந்த வருடக் கடைசித் தேர்வோடு முடிகிறது. மூன்றாவது முறையும் போனால், பாஸ் செய்த பேப்பர்கள் எல்லாம் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

காரணம் எளிது. பரீட்சையைத் தமிழில் எழுதலாம், ஆனால் பாடப்புத்தகம் ஆங்கிலம். அந்த ஒரு அத்தியாயம் மட்டும் எழுபது பக்கத்துக்கு மேல். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை நேரடி வகுப்பு நடக்கும். அங்கே வருகிற தமிழ்வழிக்காரர்களில் பாதிப் பேர் போலீஸ், மீதிப் பேர் சிறைக்காவலர்களும் செக்யூரிட்டிக்காரர்களும். எல்லோருக்கும் தடுக்கி விழுகிற இடம் அந்த அத்தியாயம்தான்.

வகுப்பு எடுக்கிற சார் எங்கள் முகத்தைப் பார்த்து அலுத்துப் போயிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு கரும்பலகையில் நெட்டுக்கோடு இழுத்து மூன்று காலம் போட்டார். முதலில் குற்றத்துக்குக் காரணம், அடுத்து கோட்பாட்டின் முக்கிய வாதம், கடைசியில் அதனால் அரசு என்ன செய்ய வேண்டும் என்ற கொள்கை விளைவு. "ஒன்பது கோட்பாடு இருக்கு. ஒரே ஷீட்டுல, தமிழ்ல, இந்த மூணு காலத்துக்குள்ள சுருக்கிக் கொண்டு வாங்க. யாரோடது சரியா இருக்கோ அத ஜெராக்ஸ் போட்டு எல்லாருக்கும் குடுத்துடலாம்" என்றார்.

காலம், கட்டம் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நம்ம வேலையாச்சே என்று நினைத்துக்கொண்டேன்.

என் பக்கத்துப் பெஞ்சில் எப்போதும் உட்காருகிறவர் ஒரு பாய். பல்லாவரத்தில் அவர் அண்ணன் தம்பிகள் எல்லாம் தோல் வியாபாரம். இவர் மட்டும் அதில் ஒட்டாமல் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசராகச் சேர்ந்து, மேடவாக்கத்தில் வாடகைக்குக் குடி வந்திருந்தார். அவரும் இந்தப் பேப்பரில் ஒருமுறை போனவர். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை மேடம் என்பார். அந்த மேடத்தில் மரியாதை பாதி, நக்கல் பாதி.

அந்த வாரம் முழுக்க டிக்‌ஷனரியும் கையுமாக இருந்தேன். ஸ்டேஷனில் பெட்டிஷன் வராத நேரம், வீட்டில் சோறு வேகிற நேரம், செலையூரிலிருந்து பஸ்ஸில் போகிற நேரம். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன்னால், பள்ளிக்கூட வாசல் டீக்கடையில், பாய் முன்னால் என் அட்டவணையை விரித்தேன். நீள வெள்ளைத்தாள், கறுப்பு மையில் கட்டம், சிவப்பில் தலைப்பு. பாய் இரண்டு கையாலும் வாங்கி, "மேடம், கல்யாணப் பத்திரிக மாதிரி கீது" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அப்புறம் அந்த மனுஷன் ஒரு காரியம் செய்தார். கையில் இருந்த செய்தித்தாளை மடித்து முதல் இரண்டு காலத்தையும் மூடினார். கோட்பாட்டின் பெயரும் மறைந்தது, காரணமும் மறைந்தது. மூன்றாவது காலம் மட்டும் தெரிந்தது.

"இப்ப இத மட்டும் படிங்க. எது எந்தக் கோட்பாடுன்னு சொல்லுங்க பாப்போம்."

படித்தேன். ரோந்தை அதிகரிக்க வேண்டும். ரோந்தும் கண்காணிப்பும் தேவை. அப்பகுதி நபர்களைக் கண்காணித்து ரோந்து செல்ல வேண்டும். பழைய குற்றவாளிகள் பட்டியலைச் சரியாகப் பராமரித்து ரோந்து செல்ல வேண்டும். ஒன்பது வரிசையில் எட்டில் ரோந்து. மோதல் கோட்பாடு என்ற வரிசையில் மட்டும், அந்தக் கோட்பாடு போலீசையே கேள்வி கேட்பதால் என்ன எழுதுவது என்று தெரியாமல், ஒரு சின்னக் கோடு போட்டு வைத்திருந்தேன். ரெஜிஸ்டரில் எந்தக் காலமும் காலியாக இருக்கக்கூடாது, ஒன்றும் இல்லை என்றால் கோடு போட வேண்டும் என்பது எங்கள் பழக்கம்.

எது எந்தக் கோட்பாடு என்று எனக்கே சொல்ல முடியவில்லை.

"இது குற்றவியல் இல்ல மேடம், உங்க ஸ்டேஷன் டூட்டி சார்ட்டு" என்றார் பாய்.

கோபம் வந்தது பாருங்கள், முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு வார உழைப்பு. "உங்களுத எடுங்க" என்றேன். அவர் தயங்கித் தயங்கிப் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். அதே செய்தித்தாளை வைத்து நானும் மூடினேன். கேமரா பொருத்த வேண்டும். நுழைவாயிலில் அடையாள அட்டை சரிபார்க்க வேண்டும். மீண்டும் கேமரா. வறுமையால் குற்றம் என்கிற வரிசையிலும் கேமரா.

"ஏன் பாய், ஏழைக்குச் சோத்துக்குப் பதிலா கேமரா குடுப்பீங்களா?"

டீக்கடைக்காரர் உட்பட எல்லோரும் சிரித்துவிட்டார்கள். பாயும் சிரித்தார். எனக்குக் கோபம் இறங்கிவிட்டது. இரண்டு முறை நான் ஏன் ஊத்திக்கொண்டேன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஆங்கிலம் மட்டும் பிரச்சினை இல்லை. எந்தக் கேள்வி கேட்டாலும் என் கை போலீஸ் பதிலைத்தான் எழுதியிருக்கிறது.

அன்றிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு விதி வைத்துக்கொண்டோம். மூன்றாவது காலத்தை மட்டும் படித்தால் முதல் காலம் தானாக நினைவுக்கு வர வேண்டும். வராவிட்டால் அந்த வரிசையைத் திருப்பி எழுத வேண்டும். ஆனால் ரோந்தை ஒரேயடியாக விட்டுக்கொடுக்கவும் எனக்கு மனமில்லை. எங்கே அது நியாயம் என்று பாயோடு சண்டை போட்டேன். செவ்வியல் கோட்பாட்டில், மனிதன் லாப நஷ்டம் கணக்குப் போட்டுத்தான் தப்புச் செய்கிறான். அப்படியானால் பிடிபடுவோம் என்ற நிச்சயம் இருக்க வேண்டும், தண்டனை சீக்கிரம் வர வேண்டும், குற்றத்துக்குத் தகுந்த அளவில் இருக்க வேண்டும். அங்கே ரோந்து வரலாம். அன்றாடச் செயல்பாட்டுக் கோட்பாட்டில், திருடத் தயாரான ஆளும், எடுக்கத் தோதான பொருளும், காவலுக்கு ஆள் இல்லாத நேரமும் ஒரே இடத்தில் சந்தித்தால் குற்றம். அங்கே ரோந்தும் வரலாம், பாயின் கேமராவும் வரலாம், நல்ல பூட்டும் வரலாம். மீதி ஏழு வரிசைக்கும் நாங்கள் இருவரும் எங்கள் யூனிஃபாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு யோசிக்க வேண்டியிருந்தது.

எனக்குக் கண் திறந்த இடம் சமூகச் சீர்குலைவு என்கிற வரிசை. அதில் நான் முதலில் 'அப்பகுதி நபர்களைக் கண்காணிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன் இல்லையா, புத்தகமோ அதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. ஒரு பேட்டையில் குடியிருப்பவர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் குற்றம் அங்கேயே நிற்கிறது என்கிறது. அப்படியென்றால் கோளாறு ஆளிடம் இல்லை, இடத்தில். யாரும் நிலைத்து இருப்பதில்லை, பக்கத்து வீட்டுக்காரரை யாருக்கும் தெரியாது, பொதுக்காரியத்துக்குச் சேர ஒரு சங்கம் கூடக் கிடையாது. இதை நான்கு முறை படித்தேன். நம்பிக்கை வரவில்லை. யாரோ வெள்ளைக்காரன் அவன் ஊரைப் பற்றி எழுதியது, நம்ம ஊருக்கு எப்படிப் பொருந்தும் என்று தோன்றியது.

மறுநாள் ஸ்டேஷனில் பழைய ரெஜிஸ்டர்களை எடுத்தேன். ரயில் பாதையை ஒட்டிய ஒரு சந்து எங்கள் எல்லையில் இருந்தது. எங்களுக்கு எப்போதும் தலைவலி. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே இருந்தவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் போய், கட்டட வேலைக்கு வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் போய், வாடகை அறையில் தங்கும் பையன்கள் வந்தார்கள். ஒவ்வொரு முறையும், 'இந்தக் கும்பல்தான் சரியில்லை' என்று ஸ்டேஷனில் பேசிக்கொள்வோம். ரெஜிஸ்டரில் புகார்தாரர் பெயரும் எதிரி பெயரும் மாறிக்கொண்டே வந்தன. சந்தின் பெயர் மாறவில்லை. தெருவிளக்கு எரியாதது, யாரும் யாரையும் அறியாதது, எதுவும் மாறவில்லை. அத்தனை வருடம் என் கையெழுத்தில் அந்தக் கோட்பாட்டை நானே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வாசலில் பாரா காவல் நின்ற பெண் கான்ஸ்டபிள், "இன்னாக்கா, தனியா சிரிச்சுகினு கீற?" என்று கேட்டாள்.

மூன்றாவது காலத்தில் எழுதினேன்: குடியிருப்போர் சங்கம், தெருவிளக்கு, விளையாட்டுத் திடல், அந்த இடத்து மக்களே சேர்ந்து செய்யும் வேலைகள்.

அதன் பிறகு மற்றவை சரசரவென்று வந்தன. ஆசையைச் சமுதாயம் எல்லோருக்கும் காட்டுகிறது, அடையும் வழியைச் சிலருக்குத்தான் தருகிறது என்கிற அழுத்தக் கோட்பாட்டுக்கு, படிப்பும் வேலையும். குற்றத்தை நெருங்கிப் பழகுகிறவர்களிடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு, சேர்க்கையை மாற்றும் திட்டங்கள், வழிகாட்டிகள். மனிதன் ஏன் தப்புச் செய்கிறான் என்று கேட்காமல், ஏன் செய்யாமல் இருக்கிறான் என்று கேட்கிற பிணைப்புக் கோட்பாட்டுக்கு, குடும்பத்தோடும் பள்ளியோடும் உள்ள பிணைப்பை உறுதியாக்குவது. குற்றம் உடம்பிலேயே இருக்கிறது என்ற பழைய வாதமும், மனத்தில் இருக்கிறது என்ற வாதமும் சேர்ந்த ஒரே வரிசைக்கு, பரிசோதனை, சிகிச்சை, ஆளுக்கு ஏற்ற சீர்திருத்தம். உடம்பு வாதத்துக்குப் பக்கத்தில், இதைப் பிடித்துக்கொண்டு பிறப்பை வைத்து மனிதர்களை ஒதுக்கியும் இருக்கிறார்கள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

மோதல் கோட்பாட்டில் போட்டிருந்த கோட்டை எடுத்தேன். சட்டத்தை எழுதுவது வசதி உள்ளவர்கள், அதில் அதிகம் மாட்டுவது இல்லாதவர்கள் என்கிறது அது. ஏற்றத்தாழ்வைக் குறைக்க வேண்டும், சட்டம் யாருக்குச் சாதகம் என்று பார்த்துத் திருத்த வேண்டும் என்று எழுதினேன். எழுதும்போது இன்ஸ்பெக்டர் அறைக் கதவு திறந்திருந்தது. சட்டென்று தாளைத் திருப்பி வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கஷ்டப்படுத்தியது முத்திரைக் கோட்பாடு. ஒருவனைக் குற்றவாளி என்று ஊர் சொல்லிச் சொல்லி, அவனும் கடைசியில் அப்படியே ஆகிவிடுகிறான் என்பது வாதம். நான் என் முதல் அட்டவணையில், அதற்குத் தீர்வாகப் பழைய குற்றவாளிகள் பட்டியலைச் சரியாகப் பராமரிக்கச் சொல்லியிருந்தேன். அந்தப் பட்டியலை எழுதுகிறவள் நான். அதில் தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஒருவர் பெயர் இருந்தது. எப்போதோ ஒரு சைக்கிள் திருடியவர். எங்கே என்ன காணாமல் போனாலும் அவரைக் கூட்டி வந்து உட்கார வைப்போம். அன்றைக்கு அவர் இட்லி வீணாகும். வருடா வருடம் அவர் பெயரைப் புதுப் பட்டியலில் அழகான கையெழுத்தில் எடுத்து எழுதியது நான்தான். அதை நினைத்தபோது எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. சின்னக் குற்றத்துக்கு முதல்முறை வருகிறவர்களை வழக்கு, கோர்ட் என்று இழுக்காமல் வேறு வழியில் திருப்பிவிட வேண்டும், பெயர் ஒட்டிக்கொள்வதைக் குறைக்க வேண்டும் என்று அந்தக் கட்டத்தில் எழுதுவதாக முடிவு செய்தேன்.

நல்ல பிரதி எடுக்கிற அன்றைக்குப் பாய் எதிரில் உட்கார்ந்து வாசிக்க, நான் எழுதினேன். முத்திரை வரிசைக்கு வந்ததும் என் கை என்னைக் கேட்காமல் 'ரோந்து' என்று எழுதிவிட்டது. பதினோரு வருடப் பழக்கம், என்ன செய்ய? பாய் தலையில் அடித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து வொயிட்னர் எடுத்து நீட்டினார்.

"வேணாம் பாய். ரெஜிஸ்டர்ல நாங்க அழிக்க மாட்டோம்."

தப்பாக எழுதியதை அழிக்கக்கூடாது. என்ன எழுதியிருந்தது என்று பிறகு பார்க்கிறவருக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அப்படியே செய்தேன். பாய் அதைப் பார்த்து, "நடத்துங்க மேடம், நடத்துங்க" என்றார்.

வீட்டில் ஒரு கடைசிப் பரிசோதனை வைத்தேன். என் வீட்டுக்காரர் மேடவாக்கம் பக்கம் அடுக்குமாடிகளுக்குத் தண்ணி லாரி ஓட்டுகிறவர். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவரிடம் அட்டவணையைக் கொடுத்து, ஒருமுறை முழுக்கப் படிக்கச் சொன்னேன். பிறகு முதல் இரண்டு காலத்தையும் மூடினேன்.

"படிப்பும் வேலையும் குடுக்கணுமாம். அப்போ காரணம் இன்னா?"

"இன்னா, ஆச இருக்குது, வழி இல்ல. அதானே?"

"தெரு லைட்டு, சங்கம்?"

"பேட்டைதான் பேஜாரு. ஆளு இல்ல." இன்னொரு கவளம் எடுத்துக்கொண்டார். "ஏம்மே, இதையா ரண்டு தபா ஃபெயிலு ஆன? சுளுவா கீதே."

கையில் கரண்டி இருந்தது. போட்டிருக்கலாம். ஆனால் அவர் ஒன்பதில் எட்டைச் சரியாகச் சொல்லியிருந்தார், அந்தச் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சார் எல்லோருடைய தாளையும் வாங்கிப் பார்த்தார். என்னுடையதை எடுத்ததும் மூன்றாவது காலத்தை மேலிருந்து கீழாக விரலால் தடவிக்கொண்டே போனார். அடித்த இடத்தில் விரல் நின்றது. சுருக்கொப்பத்தைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். முன்வரிசைப் பையனிடம் கொடுத்து, "நாப்பது காப்பி" என்றார். என் வாழ்க்கையில் மெடல் வாங்கியதில்லை. அன்றைக்கு வாங்கினேன் என்றே வைத்துக்கொண்டேன்.

பரீட்சையன்று கேள்வித்தாளைத் திருப்பினால், கோட்பாடுகளை விவரி என்று நேராகக் கேட்கவில்லை. குற்றத்தின் காரணம் பற்றிய பார்வை மாறினால் அரசின் கொள்கை எவ்வாறு மாறும், மூன்று கோட்பாடுகளைக் கொண்டு விளக்குக என்று கேட்டிருந்தார்கள். பழைய நானாக இருந்தால் மூன்றுக்கும் ரோந்து போயிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டேன். அட்டவணை தெரிந்தது, மடித்த செய்தித்தாளும் தெரிந்தது. ரயில் பாதைச் சந்தில் ஆரம்பித்தேன். இட்லிக்காரரையும் பெயர் சொல்லாமல் எழுதினேன். கூடுதல் தாள் கேட்டு வாங்கினேன். மூன்றாவது தாளையும் சேர்த்து நூல் கட்டிக் கொடுத்தேன்.

ரிசல்ட் வந்தது. பாஸ். சும்மா பாஸ் இல்லை, எம்.ஏ.வில் நான் எழுதியதிலேயே அதிக மார்க் அந்தப் பேப்பரில்தான். பாயும் பாஸ். போனில், "மேடம், கேமராவ ஒரே ஒரு எடத்துலதான் எழுதுனேன்" என்றார். இன்ஸ்பெக்டரிடம் மார்க் ஷீட்டைக் காட்டினேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "பரவால்லையே" என்றார். எனக்கு அது போதும்.

வருடங்கள் சில போயின. ஏதோ விண்ணப்பத்துக்காக அந்த மார்க் ஷீட்டை நகல் எடுக்க மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். யூனிஃபாரத்தில் இல்லை. கடையில் இருந்த பெண் மார்க் ஷீட்டைக் கண்ணாடியில் வைக்கும்போது பாடத்தின் பெயரைப் பார்த்துவிட்டாள்.

"இந்தக் கோர்ஸுக்குத் தெரிஞ்சவங்க யாருனா படிக்கிறாங்களாக்கா? நோட்ஸ் ஒண்ணு கீது. இது இல்லாம அந்தப் பேப்பருக்கு யாரும் போறதில்ல."

கீழ்த்தட்டிலிருந்து ஒரு கட்டு நகல்களை எடுத்து, மேல் தாளை உருவி என் முன்னால் வைத்தாள். நகலின் நகலின் நகல். கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன, சிவப்புத் தலைப்பு சாம்பலாகியிருந்தது. ஆனால் மூன்று காலம், ஒன்பது வரிசை, என் கையெழுத்து. ஏழாவது வரிசையில் ஒற்றைக் கோட்டுக்கு அடியில் 'ரோந்து' என்று இன்னும் படிக்க முடிந்தது.

"யாரும்மா எழுதினது?"

"யாரோ பெரிய புரொபசராம். தோ, அடிச்ச எடத்துல கையெழுத்து கூடப் போட்டுக்கிறார் பாருங்க."

கவுண்டரில் கயிறு கட்டித் தொங்கிய பேனாவை எடுத்து, அந்தச் சுருக்கொப்பத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு சுருக்கொப்பம் வைத்தேன். அவள் தாளைத் தூக்கி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"புரொபசர்னாங்களேக்கா."

"போலீசும்மா" என்றேன். "ரண்டு தபா ஃபெயிலான போலீஸ்."